நம்ம கட்சியின் மறுமதிப்பீட்டு மனு

அவருக்கு "நம்ம கட்சி" என்று பெயர் வைத்தது நான்தான் என்று கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். வைத்தது மூன்றாவது பெஞ்சில் உட்காரும் மருந்துக்கடைக்காரர். நான் சிரித்தேன், அவ்வளவுதான். வாத்தியார் சிரித்தால் பெயர் நிலைத்துவிடும் என்று எனக்கு என்ன தெரியும்?

மாலை நேரச் சட்டக் கல்லூரியில் நான் ஒப்பந்தச் சட்டம் எடுக்கிறேன். பகலில் அதே அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும். அவர்கள் ஏசியை நிறுத்திவிட்டுப் போனதும் நாங்கள் போய் மின்விசிறியைப் போட்டுக்கொள்வோம். என் மாணவர்கள் எல்லோரும் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு டிபன் பாக்ஸ் பையோடு வந்து சேருகிறவர்கள். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே தூங்குவார்கள். தூங்காத ஒரே ஆள் நம்ம கட்சி. அவர் தூங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. மீசை முளைத்த காலத்தில் அந்த ஆபீசுக்குள் நுழைந்தவர், மீசை நரைத்தும் அங்கேயே இருந்தார். கோர்ட்டில் எந்த அறையில் எந்தக் கேஸ் கட்டு கிடக்கிறது, எந்த நீதிபதிக்கு எந்த நேரத்தில் தலைவலி வரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய சீனியர் எழுந்து நின்று வாதாடும்போது இவர் பின்னால் கட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார். "பக்கம் முப்பத்தொண்ணு சார்" என்று காதுக்குள் ஊதுவார். சீனியர் உடனே குரலை உயர்த்தி, "கனம் நீதிபதி அவர்களே, பக்கம் முப்பத்தொன்றைத் தயவுசெய்து பாருங்கள்" என்பார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

"ஒரே ஒரு தடவை நானே எழுந்து நின்னு பேசணும் மேடம். கேஸ் தோத்தாலும் பரவால்ல. முன்னாடி நிக்கணும்" என்று அவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்காகத்தான் இந்த வயதில் படிக்க வந்தார். மற்ற பாடங்களையெல்லாம் எப்படியோ தட்டித் தடுமாறி முடித்துவிட்டார். ஒப்பந்தச் சட்டம் மட்டும் விடமாட்டேன் என்று காலைப் பிடித்துக்கொண்டது.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். என் வயிற்றெரிச்சல் அது.

சட்டப் பரீட்சையில் பாதிக் கேள்விகள் கதையாக வரும். இன்னார் இன்னாரிடம் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் செய்தார், இருவரின் நிலை என்ன, ஆலோசனை கூறுக. இதற்குப் பதில் எழுத ஒரு வரிசை உண்டு. முதலில், எதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற பிரச்சினை. அடுத்து, அதைப் பற்றிச் சட்டம் சொல்லும் விதி. அதற்கடுத்து, அந்த விதியை இந்தக் கதையின் விவரங்களோடு ஒட்டிப் பார்க்கும் பொருத்தம். எல்லாம் முடிந்த பிறகு, அதிலிருந்து என்ன வருகிறதோ அந்த முடிவு. நாலே நாலு படி. என் தொண்டைத் தண்ணீர் வற்றியது இந்த நாலு படியில்தான்.

முதல் வருடம் நான் ஒரு சின்னக் கேள்வி கொடுத்தேன். ஒரு பெண்மணி கடைக்குப் போகிறார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தையல் மெஷின், மேலே விலைச்சீட்டு. அந்த விலைக்குக் கொடு என்கிறார். சீட்டைத் தப்பாக மாட்டிவிட்டோம், தர முடியாது என்கிறார் கடைக்காரர். விலைச்சீட்டு மாட்டுவது வாங்க வாருங்கள் என்ற அழைப்புதான், அதுவே முன்மொழிவு ஆகாது, அதனால் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதினால் தீர்ந்தது. நம்ம கட்சி எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நம்ம கட்சிக்காரராகிய பெண்மணி மிகவும் அப்பாவி. எதிர்மனுதாரராகிய கடைக்காரர் பேராசையின் காரணமாகவும் கெட்ட எண்ணத்துடனும் மேற்படி மெஷினைத் தர மறுத்துவிட்டார். ஆகவே கனம் நீதிமன்றம் அவர்கள் கருணை கூர்ந்து மேற்படி மெஷினையும், மன உளைச்சலுக்கு நஷ்டஈட்டையும், செலவுத் தொகையையும் பெற்றுத்தர உத்தரவிடுமாறு பிரார்த்திக்கிறோம்."

"இது என்ன?" என்றேன்.

"மனு மேடம்."

"நான் மனுவா கேட்டேன்? ரெண்டு பேருக்கும் நிலைமை என்னன்னு கேட்டேன். அந்தம்மா உங்க கட்சிக்காரர்னு யார் சொன்னது?"

"மொத வரியிலயே அவங்கதானே மேடம் வர்றாங்க. முதல்ல வந்தவங்கதான் நம்ம கட்சி." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த ஆபீசில் அப்படித்தான். மாடிப்படி ஏறி யார் முதலில் வருகிறாரோ அவர் பக்கம் நியாயம். அவருக்கு எதிரி பக்கத்துக் கட்டடத்து மாடிப்படி ஏறுவார், அங்கே நியாயம் அவர் பக்கம். முடிவு என்பது கட்சிக்காரர் செருப்பைக் கழற்றும்போதே வாசலில் தயாராகிவிடும். அதற்கப்புறம் சட்டத்தைத் தேடுவது குமாஸ்தாவின் வேலை.

வரிசையை மண்டையில் ஏற்ற நான் படாத பாடு பட்டேன். ஒரு வழியாகத் தலைப்புகளைப் போடப் பழகினார். அதைப் பார்த்து நானும் ஏமாந்து சந்தோஷப்பட்டேன். தலைப்புக்குக் கீழே படித்தால் இப்படி இருக்கும்: "பிரச்சினை: நம்ம கட்சிக்காரருக்கு நியாயம் கிடைக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். விதி: யாரும் யாருக்கும் அநியாயம் செய்யக் கூடாது. பொருத்தம்: எதிர்மனுதாரர் அநியாயம் செய்துள்ளார்."

"பிரச்சினையிலயே 'வேண்டும்'னு எழுதிட்டா அப்புறம் மூணு பக்கம் எதுக்கு?" என்று கத்தினேன்.

"சஸ்பென்ஸ் இருக்கணும்கறீங்களா மேடம்?"

பின் பெஞ்சு கைதட்டியது. நான் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு முறை எழுதினார், இரண்டு முறையும் போனது. எங்கள் கல்லூரியில் ஒரு விதி, சேர்ந்து இத்தனை வருடத்துக்குள் எல்லாத் தாள்களையும் முடிக்க வேண்டும், இல்லையென்றால் பதிவே ரத்து. அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை. அதில் போனால் கறுப்புக் கோட்டு ஆசை அத்தோடு சரி, ஆயுளுக்கும் பக்க எண்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மனைவி என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தார். வீட்டிலேயே நாலு மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். கழுத்தில் அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இவர் பாஸாவாரா மாட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

"அத நான் எப்படிம்மா சொல்ல முடியும்? முதல்ல அவர் எங்க தப்பு பண்றார்னு..."

"போச்சு! நீங்களும் முன்னாடிலேருந்து ஆரம்பிக்காதீங்க. வீட்ல இவரோட ரோதனை தாங்கல. குழாய் ஒழுகுது, ஆளக் கூப்பிடுங்கன்னு சொன்னா, 'இரு, முதல்ல பிரச்சினை என்ன? ஒழுகறது குழாயா, வாஷரா? அத சரிபண்ண வேண்டியது வீட்டுக்காரரா, குடியிருக்கறவரா? அக்ரிமெண்ட்ல விதி என்ன?'ங்கறாரு. அவர் விதியச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பக்கெட் ரொம்பிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் ஒரு குதூகலமும் வந்தது. மனுஷன் வீட்டிலேயே பயிற்சி எடுக்கிறார்! அந்த அம்மா சிரிக்கவில்லை. "கோட்டு வாங்கி பீரோல மாட்டி வெச்சிருக்காரு. நான்தான் அளவெடுத்துத் தோள்பட்டையப் பிரிச்சுத் தெச்சேன். வாரம் ஒருதடவை எடுத்துத் தட்டிட்டுத் திரும்ப மாட்டறாரு. அதான் கேட்டேன்" என்றார். உட்காரச் சொன்னேன், வேலை கிடக்கிறது என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து நானும் வெறியோடு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவருக்கு ஒரே ஒரு பயிற்சிதான். எந்தக் கேள்வியானாலும் இரண்டு பக்கத்துக்கும் பேச வேண்டும். "முதல்ல வந்தவர் தோக்கற மாதிரி ஒரு காரணம் சொல்லுங்க" என்பேன். முதல் வாரம் வியர்த்துப் போனார். "நம்ம கட்சிக்கு எதிராப் பேசறதா? சீனியருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு" என்று சுற்றும் முற்றும் பார்த்தார். போகப் போகக் கை வந்தது. கடைசியில் மனுவின் வாலையும் வெட்டினேன். பிரார்த்திக்கிறோம், கருணை கூர்ந்து, எதுவும் கூடாது, முடிவோடு பேனாவை மூடு என்றேன். சரி மேடம் என்றார்.

பரீட்சை வந்தது. பத்து மதிப்பெண் கதைக் கேள்வி இது: பழைய வேன் வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவரிடம், "எட்டாயிரத்துக்குத் தருகிறேன்" என்கிறார். கேட்டவர், "எட்டாயிரத்தையும் இரண்டு தவணையாகத் தருகிறேன், முடியுமா?" என்கிறார். வேன்காரர் பதில் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கேட்டவர் போன் செய்து, "முழுப் பணமும் தருகிறேன், வேன் எனக்கு" என்கிறார். ஆனால் அன்று காலையிலேயே வேன்காரர் அதை மூன்றாவது ஆளுக்கு விற்றுவிட்டார், இவரிடம் சொல்லவில்லை. இருவரின் நிலை என்ன?

இதில் கொக்கி இரண்டு. தவணை என்று கேட்டது எதிர் முன்மொழிவா, அதாவது சொன்ன நிபந்தனையை மாற்றித் தன் நிபந்தனையை வைப்பதா, வெறும் விசாரிப்பா என்பது ஒன்று. எதிர் முன்மொழிவு என்றால் முதலில் சொன்ன எட்டாயிரம் அங்கேயே செத்துவிட்டது, மறுநாள் அதை ஏற்க முடியாது. விசாரிப்பு என்றால் அது உயிரோடு இருக்கிறது. அப்படி உயிரோடு இருந்தால், வேறு ஆளுக்கு விற்றதால் முன்மொழிவைத் திரும்பப் பெற்றதாக ஆகுமா என்பது இன்னொன்று. ஆகாது. திரும்பப் பெற்றால் அது எதிராளியின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குமுன் அவர் ஏற்றுவிட்டால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

திருத்தும் அறையில் என் பங்குக் கட்டைப் பிரித்தேன். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண்தான். நாலைந்து தாள் தள்ளி ஒன்றைப் புரட்டினேன். "நம்ம கட்சிக்காரர்" என்று எழுதி, அடித்து, மேலே "வேன்காரர்" என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் மறுபடி "நம்ம", அடித்திருந்தது. பக்கம் முழுக்க அப்படி. அடித்து அடித்துத் தாளே சில இடத்தில் கிழிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. கேள்வியில் முதலில் வருகிறவர் வேன்காரர். அந்த முதல் ஆள் தோற்கும்படி, இரண்டு பக்கத்தையும் பேசி, "தவணையாகத் தருகிறேன் என்றது வேன்காரருக்குச் சாதகம், முடியுமா என்று கேட்டதும் விலையில் கை வைக்காததும் வாங்குபவருக்குச் சாதகம், ஆகவே இது விசாரிப்பே, ஒப்பந்தம் உண்டு" என்று முடித்திருந்தார். வரிசை அப்படியே இருந்தது.

ஆனால் தாள் யாருடையது என்று தெரிந்துவிட்டால் அதை நான் திருத்தக் கூடாது. ஒப்படைத்துவிட வேண்டும். அதுதான் ஒழுங்கு. தலைமைத் தேர்வாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தலைமைத் தேர்வாளரைப் பற்றி ஒரு வார்த்தை. கேள்வியை எழுதியவரும் அவர்தான், மாதிரி விடையை எழுதியவரும் அவர்தான். முடிவுக்கு முன்னால் காரணம் சொல்லத் தெரியாத தலைமுறை இது என்று மேடைதோறும் முழங்குகிறவர். தாளை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

"ஒப்பந்தம் உண்டா? மாதிரி விடைல இல்லன்னு இருக்கே." பூஜ்யம் போட்டு வட்டமிட்டார். கொட்டாவி ஒன்று விட்டார். அடுத்த தாள்.

நான் விலகிக்கொண்டவள், வாயைத் திறக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அவருக்கு வந்தது நாற்பத்திரண்டு. முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் அவர் சும்மா நின்றார். "மறுமதிப்பீட்டுக்கு மனு போடுங்க. விடைத்தாள் நகலும் மதிப்பெண் முறையும் கேட்டா கொடுப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லையே, மனு எழுதுவதில் அந்த ஊரிலேயே அவரை அடிக்க ஆள் கிடையாது. எட்டு மதிப்பெண் கேட்டால் போதும். இத்தனை வருடமாகக் கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் கண்ணீர் மல்க எழுதிய கை, தனக்கு எழுதாதா என்று நான் நிம்மதியாகவே இருந்தேன்.

மறுமதிப்பீட்டுக் குழு என்பது கல்லூரி முதல்வர், தலைமைத் தேர்வாளர், தூங்குவதற்காக நியமிக்கப்பட்ட ஒரு ஓய்வுபெற்ற பெரியவர். மனுக்களைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், மூக்குக்கண்ணாடியை மூவரும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டு கிடையாது, குரல் மட்டும்.

முதல் பத்து மனுக்களும் ஒரே அழுகை. சொந்தக்காரர்கள் கொத்துக் கொத்தாக இறந்திருந்தார்கள். ஒரு மாணவரின் ஒரே மாமா போன பருவத்திலும் இறந்தார், இந்தப் பருவத்திலும் இறந்தார். முதல்வர் இரக்கத்தோடு இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் என்று அள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது நம்ம கட்சியின் மனு. ஒரே ஒரு பக்கம். நான் வாசித்தேன்:

"பிரச்சினை: முடிவு மாதிரி விடையோடு ஒத்துப்போகவில்லை என்பதால் ஒரு விடைக்கு முழுவதும் பூஜ்யம் போடலாமா? போடக் கூடாது என்றால், இந்த விடைக்கு உரியது எவ்வளவு?

விதி: கல்லூரியின் மதிப்பெண் முறைப்படி பிரச்சினைக்கு இரண்டு, விதிக்கு மூன்று, பொருத்தத்துக்கு நான்கு, முடிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக மதிப்பிடப்பட வேண்டும். முடிவு மேலே உள்ள காரணங்களிலிருந்து வந்ததா என்பதே பார்க்கப்படும், மாதிரி விடையின் முடிவாக இருக்க வேண்டியதில்லை."

இந்த இடத்தில் முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமைத் தேர்வாளர் தண்ணீர் குடித்தார். எனக்கு உள்ளே மத்தாப்பு. போடுய்யா, போடு என்று மனசுக்குள் கத்திக்கொண்டே தொடர்ந்தேன்.

"பொருத்தம்: எதிர் முன்மொழிவா, விசாரிப்பா என்ற பிரச்சினையை விடை எழுப்புகிறது. வேறு ஆளுக்கு விற்றதால் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டதா என்ற இரண்டாவது பிரச்சினை கேள்வியில் தெளிவாக இருந்தும் விடையில் இல்லை. எனவே இரண்டில் ஒன்று. எதிர் முன்மொழிவு, விசாரிப்பு பற்றிய விதிகள் சரி. திரும்பப் பெறுவதை எதிராளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இல்லை. எனவே மூன்றில் இரண்டு. இரு பக்க வாதமும் விவரங்களோடு பொருத்தப்பட்டுள்ளது, மூன்றாவது ஆள் பற்றிய பொருத்தம் இல்லை. எனவே நான்கில் மூன்று. முடிவு காரணங்களிலிருந்து வந்துள்ளது. எனவே ஒன்று."

கூட்டல் எனக்கும் தெரியுமே. பாவி மனுஷன், என்ன காரியம் பண்ணுகிறார் என்று நினைத்தபடியே கடைசிப் பத்தியை வாசித்தேன்.

"முடிவு: பூஜ்யம் தவறு. இந்த விடைக்கு ஏழு உரியது. எட்டு உரியதல்ல. விடை எழுதியவருக்கு எட்டு தேவைப்படுகிறது என்பது இந்தப் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாதது."

கீழே கையெழுத்து. அவ்வளவுதான். பெரியவர் விழித்துக்கொண்டு, "யார் செத்தது?" என்றார்.

"யாரும் சாகல சார்" என்றேன்.

"அப்ப எதுக்கு மனு?"

முதல்வர் தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இவர் என்னதான் கேக்கறார்? பிரார்த்தனை எங்க? பின்பக்கத்துல இருக்கா?" பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஏழு கேக்கறார். நாப்பத்தொம்பது வரும்" என்றார் தலைமைத் தேர்வாளர். குரலில் அப்படி ஒரு பெருந்தன்மை வந்துவிட்டது. "எனக்கு ஆட்சேபணை இல்ல. குடுத்துடலாம்."

"ஒரு மார்க்தானே குறையுது. கருணை மதிப்பெண்ணுன்னு ஒண்ணு என் அதிகாரத்துல இருக்கு" என்று முதல்வர் தாடையைத் தடவினார். "ஆனா கேக்கலையே. கேக்காதத எப்படிக் குடுக்கறது? 'எட்டு உரியதல்ல'ன்னு வேற எழுதியிருக்கார்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், போன மனுவில ஒரே மாமா ரெண்டு தடவை செத்ததுக்கு மூணு மார்க் போட்டீங்க..."

"மேடம், நீங்க இந்தத் தாள்லேருந்து விலகினவங்க. வாசிக்கத்தான் கூப்பிட்டோம்" என்றார் தலைமைத் தேர்வாளர். விதியைச் சரியாகத்தான் சொன்னார். அந்த ஆள் வாழ்க்கையில் விதியைச் சரியாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

உத்தரவு அன்றே தட்டச்சானது. "மனு முழுமையாக ஏற்கப்பட்டது. மனுதாரர் தேர்ச்சி பெறவில்லை." கேட்டது கேட்டபடியே முழுமையாக ஏற்கப்பட்ட மனு எங்கள் கல்லூரியில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த நாள் காலையில் நேரே கோர்ட்டுக்குப் போனேன். தாழ்வாரத்தில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். உத்தரவு சட்டைப்பையில் இருந்தது, மடிப்பு வெளியே தெரிந்தது.

"ஏன்யா, உங்களுக்கு மூளை இருக்கா? ஊரான் எல்லாருக்கும் இல்லாததையும் பொல்லாததையும் எழுதினீங்களே, உங்களுக்குன்னு வரும்போது ஒரே ஒரு மார்க் கூட்டிப் போட்டுக்கத் தெரியலையா? வீட்ல அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"நேத்துலேருந்து சரியா பேசல மேடம். கோட்டப் பிரிச்சு யாருக்கோ பேண்ட்டு தெக்கறேன்னு சொல்லிச்சு. தெக்கல இன்னும்." அவர் கட்டைக் கீழே வைத்தார். "கூட்டிப் போட்டுக்கத்தான் உக்காந்தேன். எட்டுன்னு மொதல்லயே பென்சில்ல எழுதி வெச்சுட்டுத்தான் ஆரம்பிச்சேன். பழக்கம் போகுமா? ஒவ்வொரு வரியா பாத்துட்டு வந்தேன். எங்க மேடம் போடறது? அந்த மூணாவது ஆளப் பத்தி நான் ஒரு வார்த்த எழுதல. இடமே இல்ல."

திட்டுவதற்காக வந்த எனக்கு, அந்த மனுஷனின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

அவர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க என் தாள்லேருந்து விலகிட்டீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அது சரிதான், அதப் பத்தி இல்ல. விலகாம இருந்திருந்தா எத்தன போட்டிருப்பீங்க?"

எட்டு என்று சொல்லிவிடலாம். ஒன்பது என்றுகூடச் சொல்லலாம். ஆறுதலாக இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் தாளை மறுபடி மேலிருந்து கீழே படித்தேன்.

"ஏழு" என்றேன்.

"ஆங்!" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப முடிவு சரி."

உள்ளேயிருந்து சீனியர் "எங்கய்யா போனே? பக்கம் எத்தனை?" என்று கத்தினார். அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கதவிடுக்கு வழியாக நான் பார்த்தபோது வழக்கம்போலப் பின்னால்தான் நின்றிருந்தார்.